சுவருக்குத் தூக்கு பார்ப்பது எப்படி: முதல்முறை வீடு கட்டுவோருக்கு

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்கள் வீட்டு வேலை நடந்தது. முதலில் எடுத்துச் செய்தவர்கள் கட்டிய சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வரை வந்த பிறகுதான் கோளாறு வெளியே தெரிந்தது. கதவுச் சட்டமான நிலவை நிறுத்தினால் மேலே ஒட்டுகிறது, கீழே விரல் நுழைகிறது. "பூச்சில் சரி பண்ணிக்கலாம்" என்று சொன்னார்கள். பாதியில் கணக்கு முடித்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, எழுபதைத் தொடும் ஒரு பெரிய மேஸ்திரியைக் கூட்டி வந்தோம். அவரோடு தொழில் கற்றுக்கொள்ள ஒரு பையனும் வந்தான். அவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் நானும் தெரிந்துகொண்டேன். இன்ஜினியர் தினமும் வந்து நிற்கும் வசதி இல்லாமல், கூலிக்குக் கொடுத்துக் கட்டுகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அவர்களுக்காக, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று குண்டு விட்டுத் தூக்கு பார்ப்பதை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன்னே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது பெரும்பாலும் ஒரு தாளில் தொகையும் தவணையும் மட்டும் எழுதுவார்கள். பெல்ட் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் முடிந்தால் இவ்வளவு, கான்கிரீட் போட்டால் இவ்வளவு என்று இருக்கும். அந்தத் தாளிலேயே மூன்று வரிகளைக் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்.

முதலாவது, சுவரின் சாய்வு 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது நாமாக வைக்கும் கெடுபிடி இல்லை. செங்கல் கட்டு வேலைக்கான இந்தியத் தர விதி IS 2212 சொல்வதே இதுதான். இரண்டாவது, ஒவ்வொரு தவணையும் அந்தக் கட்டத்துச் சுவர்களுக்கு இரு தரப்பும் சேர்ந்து தூக்கு பார்த்த பிறகே கொடுக்கப்படும். மூன்றாவது, அளவு தாண்டினால் பிரித்துக் கட்டும் கூலியும் வீணாகும் கலவையும் கட்டியவர் பொறுப்பு.

எங்களுடைய முதல் ஒப்பந்தத் தாளில் இந்த மூன்றும் இல்லை. அதனால் சாய்ந்த சுவரைக் காட்டிப் பேசியபோது "வேலைன்னா முன்னப்பின்ன இருக்கும்" என்ற பதிலுக்கு மேல் எதுவும் பெயரவில்லை. எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்று எழுத்தில் இருந்தால்தான் பேச்சு ஒரு முடிவுக்கு வரும்.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலொன்றைச் சைட்டிலேயே வைத்திருங்கள். எந்தச் சுவர் 9 இஞ்ச், எந்தச் சுவர் 4½ இஞ்ச் என்பதை அதில் வட்டமிட்டு, ஒவ்வொரு சுவருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பின்னால் குறிப்பு எழுத இந்த எண் வேண்டும்.

2. குண்டு வாங்கினால் முதலில் குண்டையே சோதியுங்கள்

மேஸ்திரியிடம் தூக்குக்குண்டு இருக்கும்தான். இருந்தாலும் உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தனாரின் ஒருநாள் கூலியில் சிறு பங்குதான் அதன் விலை. கூடவே ஒரு அடி நீள இரும்பு ஸ்கேல் ஒன்று, ஒரு நோட்டு. அவ்வளவுதான் செலவு.

குண்டோடு ஒரு சிறு கட்டையும் வரும். அதன் நடுத் துளை வழியாக நூல் இறங்கும். அந்தக் கட்டையின் அகலமும் குண்டின் மிகப் பருத்த இடத்துக் குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கருவியின் உயிர் அதில்தான் இருக்கிறது. கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்தால், சுவர் நேராக இருக்கும் பட்சத்தில் கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

பெரியவர் பையனுக்கு முதல் நாள் கற்றுக் கொடுத்ததும் இதைத்தான். கல் வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே சைட்டில் கிடந்த பழைய குண்டை எடுத்து, கட்டையையும் குண்டையும் ஒரு டைல்ஸ் துண்டின் மேல் பக்கம் பக்கமாக வைக்கச் சொன்னார். இரண்டின் மேலும் ஸ்கேலைக் குறுக்கே படுக்க வைத்தான். ஸ்கேல் குண்டின் மேல் உட்கார்ந்தது. கட்டைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன தெரியுது சாமி?"

"கட்டை ஒரு பக்கம் தேஞ்சிருக்குதுங்க அப்பாரு."

"எத்தனை இருக்கும்?"

பையன் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு மில்லி வருமுங்க" என்றான்.

"அப்ப இந்தக் குண்டை வெச்சு நீ எத்தனை சுவரு பாத்தாலும் மூணு மில்லி பொய் சொல்லும். ஒரு சுவருல சொன்னா பரவால்ல. எல்லாச் சுவருலயும் ஒரே பொய்யைச் சொல்லும், நீயும் எல்லாம் ஒண்ணாத்தான இருக்குதுன்னு நம்பிக்குவே."

கட்டைதான் தேயும், பித்தளையோ இரும்போ அவ்வளவு சீக்கிரம் தேயாது. புதுக் கட்டை செதுக்கிக் கொண்டால் போதும், குண்டை மாற்ற வேண்டியதில்லை. நூலில் முடிச்சு விழுந்திருந்தாலும், குண்டின் நட்ட நடுவிலிருந்து நூல் கிளம்பாமல் ஒரு பக்கம் இழுத்தாலும் அதே மாதிரிப் பொய்தான் வரும்.

ரசமட்டம் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு அடி நீள ரசமட்டத்தில் 1 மில்லி சாய்வு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதே சாய்வு 10 அடி உயரத்தில் 10 மில்லி ஆகிவிடும். குண்டு முழு உயரத்துக்கும் ஒரே நூலில் பேசுகிறது. கல்லைப் படுக்கையில் வைக்கும்போது மட்டம் பார்க்க ரசமட்டம் நல்லது. அதையும் ஒருமுறை இடது முனை வலப்பக்கம் வரும்படி திருப்பி அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது நம்பத்தக்கது.

3. நூல் கட்டியாயிற்று என்று குண்டை விட்டுவிடாதீர்கள்

பெரும்பாலான சாய்வு பிறப்பது இந்த இடத்தில்தான். கட்டு வேலையில் முதலில் இரண்டு மூலைகளையும் சில வரி ஏற்றுவார்கள். பிறகு மூலைக்கு மூலை நூல் கட்டி, நடுவில் கல்லை நிரப்புவார்கள். நூலுக்கு ஒட்டிக் கல் போவதால் சுவர் நேராகத்தான் இருக்கும் என்று பார்க்கிற நாம் நினைப்போம். பையனும் அப்படித்தான் நினைத்தான்.

பாத்ரூமின் நடுச் சுவர் அது. 4½ இஞ்ச், ஆறு அடி நீளம். பெரியவர் முன்பக்கத்தில் வேலையாக இருந்ததால் அதைப் பையனிடம் விட்டிருந்தார். மதியத்துக்குள் எட்டு வரி ஏற்றிவிட்டான். வரிகள் ஒழுங்காக, இணைப்புகள் ஒரே தடிமனாக, பார்க்க அழகாகவே இருந்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தூக்குப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"நூலு கட்டித்தானுங்க அப்பாரு வெச்சேன். இது சின்னச் சுவருதானுங்க, ரெண்டு பக்கமும் டைல்ஸ் ஒட்டிப் போடறதுதான?"

அவர் திட்டவில்லை. சாந்து படாத ஒரு கல்லைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பையனையும் உட்காரச் சொன்னார். "நூலு எதைப் புடிச்சுட்டு நிக்குது?"

"ரெண்டு மூலையையுமுங்க."

"அந்த மூலை ரெண்டும் ஒரே பக்கமாச் சாஞ்சுட்டா நூலு என்ன சொல்லும்?"

பையன் யோசித்தான். நூல் அப்போதும் நேராகத்தான் இருக்கும். நீளவாக்கில் கோணல் இல்லை என்று மட்டுமே நூல் சொல்லும். செங்குத்தாக நிற்கிறதா என்பதைச் சொல்ல அதற்கு வழியே இல்லை. மூலைகள் இரண்டும் சாய்ந்தால் நூலும் சேர்ந்து சாய்ந்துவிடும், சுவர் முழுவதும் ஒரே சீராகச் சாயும். சீராகச் சாய்வதால்தான் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

"சரிங்க, சாஞ்சா எத்தனை சாயப் போவுதுங்க?" என்றான்.

பெரியவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். கல்லும் கலவையும் சேர்த்து ஒரு வரி சுமார் 85 மில்லி. 3 மீட்டர் சுவருக்கு 35 வரி வரும். ஒவ்வொரு வரியிலும் அரை மில்லி மட்டும் வெளியே தள்ளி வைத்தால், உச்சியில் பதினேழு மில்லிக்கு மேல் போய்விடும். அரை மில்லியை எந்தக் கொத்தனாரின் கண்ணும் பிடிக்காது. விதி கொடுக்கும் இடமோ 6 மில்லி.

அப்புறம் ஒரு செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்தார். சுவரின் அகலம் 4½ இஞ்ச். அதை மூன்று பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 1½ இஞ்ச். "மேல இருந்து எறங்கற பாரம் இந்த நடுப் பங்குக்குள்ள எறங்கோணும். அது வரைக்கும் அடிக்கல்லு முழுசும் அமுங்கித்தான் இருக்கும். நடுப் பங்கைத் தாண்டிப் போச்சுன்னா ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் கலவை வாயைத் தெறக்கும்."

நடுக்கோட்டிலிருந்து அந்த நடுப் பங்கின் விளிம்பு வரை முக்கால் இஞ்ச்தான், ஏறத்தாழ 19 மில்லி. சுவரின் சொந்த எடை பாதி உயரத்தில் குவிவதால், உச்சி 20 மில்லி சாய்ந்தால் அந்த எடை 10 மில்லிதான் விலகும். அதைச் சுவர் தாங்கிக்கொள்ளும். மேலே பரண் பலகையைத் தாங்கவிட்டால் அந்தப் பாரம் முழு 20 மில்லியும் விலகி இறங்கும். 9 இஞ்ச் சுவருக்கு இந்த எல்லை 38 மில்லி. மெல்லிய சுவருக்கு அதில் பாதி இடம்தான். சின்னச் சுவர்தானே என்று விட நினைக்கும் சுவருக்குத்தான் குண்டு அதிகம் தேவைப்படுகிறது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

டைல்ஸ் மறைக்கும் என்பதும் நடக்காது. டைல்ஸ் சுவரைப் பின்பற்றித்தான் ஏறும். சாய்ந்த சுவரும் நேரான சுவரும் சேரும் மூலையில், வெட்டிய டைல்ஸ் கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஆப்பு மாதிரி வந்து நிற்கும். பூச்சு மட்டும் போட்ட சுவரில் தெரியாத சாய்வு டைல்ஸ் போட்டால் பளிச்சென்று தெரியும்.

தூண், பீம் போட்ட வீட்டில் சுவர் பாரம் தாங்குவதில்லை, அதனால் தூக்கு அவ்வளவு முக்கியமில்லை என்றும் உங்களிடம் சொல்வார்கள். பாரத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. பூச்சுச் செலவு, நிலவு, டைல்ஸ் ஆகிய மூன்றும் அந்த வீட்டிலும் அப்படியேதான் இருக்கும். அத்தகைய வீட்டில் தூணின் பலகை அடைப்புக்கும், கான்கிரீட் ஊற்றும் முன்னரே, இரண்டு முகத்திலும் தூக்கு பாருங்கள். ஊற்றியபின் தூணை யாராலும் நிமிர்த்த முடியாது.

4. குண்டு சொல்வதைப் படிக்கும் முறை

சுவரின் முகத்தைப் பார்த்து நில்லுங்கள். கல் இணைப்பில் பிதுங்கிக் காய்ந்த கலவையைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். கட்டை கல்லில்தான் ஒட்ட வேண்டும், கலவைத் துணுக்கில் அல்ல. கட்டையை மேல் வரிக் கல்லோடு சேர்த்துப் பிடித்து, குண்டைக் கீழே இறக்குங்கள். ஆட்டம் அடங்கும் வரை பொறுங்கள். அவசரப்பட்டால் கையால் குண்டைத் தொட்டு நிறுத்தத் தோன்றும், அங்கேதான் தப்பு நுழையும்.

குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் தூக்கில் இருக்கிறது. குண்டுக்கும் சுவருக்கும் இடைவெளி விட்டால் சுவரின் தலை உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் சாய்வு எவ்வளவு என்று கிடைத்துவிடும். குண்டு சுவரின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் தலை அந்தப் பக்கம் போயிருக்கிறது. இதைத்தான் புதியவர்கள் நேரான சுவர் என்று தவறாகப் படிப்பார்கள், ஏனென்றால் குண்டு தொட்டுக்கொண்டு இருக்கிறதே என்று தோன்றும். சந்தேகம் வந்தால் கட்டையை மெல்லச் சுவரிலிருந்து உங்கள் பக்கம் நகர்த்துங்கள். குண்டு சுவரை விட்டுப் பிரியும் அந்த நொடியில் நிறுத்தி, மேலே கட்டைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் சாய்வு.

மூலையில் இரண்டு முகத்திலும் பாருங்கள். ஒரு முகம் சரியாக இருந்து மற்றது சாய்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை மூலையையும், அன்றைய வேலை முடிந்ததும் நடுச் சுவரையும் பார்க்க வேண்டும். நடுவில் பார்க்கும்போது பாதி உயரத்திலும் குண்டை நிறுத்திப் பாருங்கள். மேலும் கீழும் சரியாக இருந்து, நடுவில் வயிறு தள்ளிய சுவர்கள் உண்டு.

9 இஞ்ச் சுவரில் ஒரு பக்கம்தான் நூலுக்கு ஒட்டி வரும். சூளைக் கல் ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம் குறையக் கூட இருப்பதால் மறுபக்கம் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். தூக்கு பார்ப்பதும், அதை வைத்துப் பேசுவதும் நூல் பிடித்த முகத்தில் மட்டும். மறுபக்க மேடு பள்ளத்தைக் காட்டிக் கொத்தனாரோடு சண்டை போடுவது நியாயமில்லை. சேம்பர் செங்கல் என்றால் அந்த வித்தியாசம் குறையும்.

5. காற்றுக் காலத்தில் ஒரு வாளித் தண்ணீர்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கத்துக்கு வந்து சேரும் மாதங்களில், குறிப்பாக ஆனி ஆடியில், பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் பத்து மணிக்கு மேல் குண்டு நிற்கவே நிற்காது. ஆடுகிற குண்டை வைத்துக் "குத்துமதிப்பா சரிதான்" என்று போய்விடுவார்கள்.

பெரியவர் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, குண்டை அதில் முழுக விட்டார். வாளியின் அடியையும் பக்கத்தையும் குண்டு தொடாமல் இருந்தால் போதும், ஆட்டம் சட்டென்று அடங்கிவிடும். இந்த முறையில் குண்டைச் சுவரோடு ஒட்டிப் பார்க்க முடியாது. அதனால் மேலே ஒரு பலகையைச் சுவரிலிருந்து அரை அடி வெளியே நீட்டி, அதில் நூலைக் கட்டுங்கள். மேலே நூலுக்கும் சுவருக்கும் எவ்வளவு, தண்ணீருக்குச் சற்று மேலே எவ்வளவு என்று இரண்டையும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நூல் விம்மும் அளவுக்குக் காற்று அடித்தால் வாளியாலும் பயனில்லை. விடிந்ததும் காற்று கிளம்புமுன் பார்த்துவிடுவதே நல்லது. நாங்கள் பெரும்பாலும் காலை டீக்கு முன்பே, முந்தைய நாள் கட்டின சுவர்களைப் பார்த்து முடித்துவிடுவோம்.

6. தப்பு தெரிந்தால் அன்றே பிரியுங்கள், தள்ளாதீர்கள்

பாத்ரூம் சுவருக்குப் பையன் குண்டு விட்டான். எட்டு வரி உயரத்திலேயே கீழே 7 மில்லி இடைவெளி. பதறிப்போய் மேல் வரியை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினான். சுவர் அசைந்தது, குண்டும் போய் ஒட்டியது. நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தான்.

பெரியவர் கரண்டி நுனியை நான்காவது வரிக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்பினார். மேலிருந்த ஐந்து வரியும் ஒரே பலகையாகத் தூக்கிக்கொண்டு வந்தன. கல்லின் அடியில் ஒட்டியிருந்த கலவை காரை போல உதிர்ந்தது.

"பாத்தியா? புடிக்க ஆரமிச்ச கலவையைத் தள்ளுனா அது மறுபடி புடிக்காது. நேராத்தான் நிக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்கும்."

கலவை வைத்த சிறிது நேரத்துக்குள், ஒரு கல்லைக் கரண்டிக் காம்பால் தட்டி நகர்த்தலாம். இறுகத் தொடங்கியபின் நகர்த்தினால் ஒட்டு அறுந்துவிடும். அதனால் தப்பு எந்த வரியில் தொடங்கியது என்று குண்டை வரி வரியாக உயர்த்திப் பார்த்து, அந்த வரிவரை பிரிப்பதே ஒரே வழி. அந்தச் சுவரில் மூன்றாவது வரிக்கு மேல்தான் விலகல். அதற்கு மேலிருந்த ஐந்து வரியிலும் சேர்ந்து நாற்பது கல் இருக்கும். கல்லைச் சுரண்டித் தண்ணீரில் நனைத்து அதையே திரும்ப வைத்துக்கொள்ளலாம். பழைய கலவையை மட்டும் கொட்டிவிட வேண்டும். பையன் பொழுது சாய்வதற்குள் கட்டி முடித்தான். ஒரு வாரம் கழித்துப் பார்த்திருந்தால் கல் உடையாமல் பிரிக்க முடிந்திருக்காது.

அவசரப்படுத்தவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் சுவர் ஏறக் கூடாது. சுமார் பன்னிரண்டு வரி. அதற்கு மேல் ஏற்றினால் அடியில் இருக்கும் பச்சைக் கலவை பாரத்தில் பிதுங்கி, காலையில் தூக்கில் இருந்த சுவர் மாலையில் சாய்ந்திருக்கும். 10 அடிச் சுவருக்கு மூன்று நாள் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும்.

7. "பூச்சில் சரி பண்ணிக்கலாம்" என்றால் எவ்வளவு செலவு

இந்த ஒரு வாக்கியத்துக்கு நீங்கள் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 12 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் ஒன்று, உச்சியில் 20 மில்லி சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூச்சு 12 மில்லி போட வேண்டியது. சாய்வை மறைக்க ஒரு பக்கம் கீழே 12, மேலே 32 என்று ஏறும். மறுபக்கம் மேலே 12, கீழே 32. சராசரியாக இரண்டு பக்கமும் 10 மில்லி கூடுதல்.

120 சதுர அடிக்கு 10 மில்லி என்றால் ஒரு பக்கம் ஏறத்தாழ 4 கன அடி, இரண்டு பக்கம் 8 கன அடிக் கலவை. காய்ந்த பொருளாகக் கணக்கிட்டால் சுமார் 10 கன அடி ஆகும். ஒன்றுக்கு ஐந்து கலவையில் அது ஏறத்தாழ 1.4 மூட்டை சிமெண்ட், எட்டரை கன அடி மணல். ஒரே சுவருக்கு இது. இப்படிப் பத்துச் சுவர் இருந்தால் பதினான்கு மூட்டையும், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைந்த பூச்சு மணலும் சுவருக்குள் காணாமல் போகும். பொருள் உங்களுடையது, கூலி மட்டும் அவர்களுடையது என்ற ஒப்பந்தத்தில் இந்த நட்டம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். அதனால்தான் "பூச்சில் சரி பண்ணலாம்" என்பது சொல்கிறவருக்கு அவ்வளவு சுலபமாக வருகிறது.

செலவோடும் நிற்காது. 20 மில்லிக்கு மேல் ஒரே தடவையில் பூசக் கூடாது. பூசினால் ஈரத்திலேயே வழிந்து இறங்கும், அல்லது காய்ந்தபின் சுவரை விட்டுப் பிரிந்து, தட்டினால் பொக்கையாகச் சத்தம் கேட்கும். இரண்டு தடவையாகப் பூச வேண்டும். முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு அடுத்தது. ஒவ்வொரு சுவருக்கும் கூடுதல் நாள், கூடுதல் கூலி.

பூசும்போதும் குண்டு வேண்டும். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் தூக்கு பார்த்த பிறகுதான் நடுவில் நிரப்ப வேண்டும். புள்ளி வைக்காமல் மட்டக்கோலை மட்டும் இழுத்தால் கோல் சாய்ந்த சுவரின் மேலேயே ஓடும். பூச்சு வழவழப்பாக வரும், நேராக வராது.

8. நிலவு, ஜன்னல்

நிலவை நிறுத்தும்போது சுவர் முகத்துக்கு ஒரு முறை, நிலவின் உட்புறத்துக்கு ஒரு முறை என்று இரண்டு திசையிலும் தூக்கு பாருங்கள். ஒரு திசை விட்டுப்போனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் அல்லது தானாகச் சாத்திக்கொள்ளும். தச்சர் வந்து கீலை மாற்றிப் பார்ப்பார், கதவை இழைப்பார். கோளாறு மரத்தில் இருக்காது. நிலவுக்கு முட்டுக் கொடுத்த குச்சிகளை இரண்டு பக்கமும் மூன்று நான்கு வரி ஏறும் வரை எடுக்க விடாதீர்கள். யாராவது அதில் சாய்ந்து நின்றாலே நகர்ந்துவிடும், அதனால் மறுநாள் காலையில் மறுபடி ஒருமுறை குண்டு விடுங்கள்.

9. நோட்டு, போட்டோ, தவணை

சுவர் எண், தேதி, எத்தனை வரி, எந்த முகம், இடைவெளி எத்தனை மில்லி, எந்தப் பக்கம் சாய்வு. ஒரு வரியில் அடங்கும். குண்டும் ஸ்கேலும் சேர்ந்து தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணை நாளிலும் மேஸ்திரியும் நீங்களும் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பெரியவர் இதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. "இதை முன்னாலயே யாராச்சும் கேட்டிருந்தா எனக்கும் எத்தனையோ பேச்சு மிச்சமாயிருக்கும் தம்பி" என்றார். நேராகக் கட்டுகிறவருக்கு இந்த நோட்டு ஒரு சாட்சி. மறுக்கிறவரிடம் வேலை கொடுக்கும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

மாடி எடுப்பதாக இருந்தால் கீழ்ச் சுவருக்கும் மேல்ச் சுவருக்கும் உள்ள விலகல் 6 மில்லியைத் தாண்டக் கூடாது, இரண்டு மாடிக்கு மேல் போனாலும் மொத்தச் சாய்வு 12.5 மில்லிக்குள் அடங்க வேண்டும். இதை வெளிப்புற மூலையில், கைப்பிடிச் சுவர் உச்சியிலிருந்து அடிவரை நீள நூல் விட்டுப் பாருங்கள். வெளிப் பூச்சுக்குச் சாரம் கட்டியிருக்கும்போதே பார்த்தால் கை எட்டும். சாரத்தைப் பிரித்தபின் பார்க்க மறுபடி வாடகை கொடுத்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்த அளவையும் நோட்டில் எழுதிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.